போட்டது எத்தனை, வந்தது எத்தனை

மதுரை டவுன் ஹால் ரோடு, மேலமாசி வீதி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. இந்த வட்டாரத்து லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் ஒரு காலத்தில் வைகையில் வெளுத்து, வைகை மணலில் காய்ந்து திரும்பி வந்தன. எண்பதுகளில் அங்கே ஒரு லாட்ஜில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது நடுத்தர ஓட்டல்களுக்குக் கொள்முதல் பார்த்துக் கொடுக்கிறேன். சலவை நிறுவனங்களோடு மின்னஞ்சலில் பேசி ஒப்பந்தம் முடிப்பதும் அந்த வேலையில் சேர்த்தி.

ஆறு போய் மெஷின் வந்துவிட்டது என்பது எல்லாரும் அறிந்த மாற்றம். ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் தகராறு ஒன்றேதான். என்ன விலை, எப்போது வரும், கிழிந்தால் யார் பொறுப்பு, தொலைந்தால் யார் தலையில் என்ற நான்கு கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. அன்றைக்கு அந்த நான்குக்கும் லாட்ஜ் ஒன்றே பதில் சொன்னது. இன்றைக்கு வெளுப்பவரும் எழுத்தில் பதில் சொல்கிறார். நான் கண்ட மாற்றங்களில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

பெரிய உருப்படி, சின்ன உருப்படி

அன்றைய விலைப் பட்டியலில் இரண்டே வரி. விரிப்பு, போர்வை எல்லாம் பெரிய உருப்படி. தலையணை உறை, துண்டு எல்லாம் சின்ன உருப்படி. நூறு உருப்படிக்கு இவ்வளவு என்று லாட்ஜ் முதலாளி சொல்வார், வெளுக்கிறவர் தலையசைப்பார். கூலி உயர வேண்டுமென்றால் தீபாவளி வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் அது கூலி உயர்வாக வராது, ஒரு வேட்டியும் கொஞ்சம் பணமுமாக வரும்.

அந்தக் கூலிக்கு அவர் குடும்பம் செய்த வேலை இது. மூட்டையைக் கழுதை மேல் போட்டு ஆற்றுக்குக் கொண்டு போவார்கள். அழுக்கு வாரியாகப் பிரிப்பார்கள். சோடா உப்புக் கரைசலிலோ உவர்மண்ணிலோ ஊற வைத்து, பானைக்கு மேல் அடுக்கி, இரவு முழுக்க அடுப்பெரித்து வெள்ளாவி வைப்பார்கள். விடிந்ததும் கல்லில் அடித்து அலசி மணலில் விரித்துக் காயப்போடுவார்கள். பிறகு நீலம், கஞ்சி, கரிப்பெட்டி இஸ்திரி. பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த அந்த உழைப்பு எதற்கும் கணக்குப் புத்தகத்தில் தனி வரி கிடையாது. உருப்படிக்குத்தான் காசு.

இன்றைக்கு விலை கிலோவுக்குப் பேசப்படுகிறது. அண்மையில் நான் பேசி முடித்த ஒப்பந்தம் ஒன்றை எடுத்துச் சொல்கிறேன். மதுரையில் 40 அறை உள்ள ஓட்டல். மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போய் வந்தவை, சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன். சலவை நிறுவனத்தின் முதல் மின்னஞ்சல் இப்படி இருந்தது:

“ஐயா, கிலோவுக்கு 38 ரூபாய். எடை எங்கள் ஆலையில் துணி இறங்கும்போது எடுக்கப்படும். 48 மணி நேரத்தில் திருப்பித் தருவோம். துணி தொலைந்தாலோ சேதமானாலோ சலவைக் கட்டணத்தின் பத்து மடங்கு வரை எங்கள் பொறுப்பு. பணம் 30 நாளில்.”

ஓட்டல் மேலாளரின் கண் 38 மீதே நின்றது. “35க்கு இறங்கச் சொல்லுங்கள் சார்” என்றார். எனக்கு உறுத்தியது அடுத்த வரி, எடை எங்கே எடுக்கப்படும் என்பது.

ஓர் அறைக்கு ஒரு நாள் போகும் துணியைப் பாருங்கள். விரிப்பு இரண்டு, தலையணை உறை நான்கு, குளியல் துண்டு இரண்டு, கைத்துண்டு இரண்டு, குளியலறை வாசலில் போடும் கால்மிதி ஒன்று. உலர்ந்த நிலையில் எல்லாம் சேர்ந்து நான்கு கிலோ. அதில் துண்டும் கால்மிதியும் மட்டும் 1.6 கிலோ. இவை குளியலறையிலிருந்து ஈரத்தோடு வருகின்றன. ஈரத்தால் கால் பங்கு எடை கூடினால் அறைக்கு 400 கிராம் ஏறிவிடும். அதாவது உலர் எடையில் பத்து சதவீதம் அளவுக்குத் தண்ணீர்.

நாளொன்றுக்குச் சராசரியாக 30 அறை நிரம்பும் ஓட்டல் அது. உலர் எடையில் நாளைக்கு 120 கிலோ, மாதத்துக்கு 3,600 கிலோ. ஈரத்தோடு நிறுத்தால் 3,960 கிலோ. கூடுதலான 360 கிலோவுக்கு 38 ரூபாய் வீதம் மாதம் 13,680 ரூபாய் தண்ணீருக்குப் போகிறது. மேலாளர் கேட்ட மூன்று ரூபாய் தள்ளுபடி முழுதாகக் கிடைத்தாலும் உலர் எடைக் கணக்கில் மிச்சமாவது 10,800 ரூபாய்தான். ஆகவே விலையை விட்டுவிட்டு எடையைப் பற்றி எழுதினோம்: “சலவை முடிந்து, காய்ந்து, கட்டி வரும் துணியை எங்கள் வாசலில் நிறுத்து, அந்த எடைக்கே பில் போடவும்.”

அவர்களுடைய பதிலில் நியாயம் இருந்தது. ஈரத் துணியைத் தூக்கி வருவதும் மெஷினில் ஏற்றுவதும் தங்கள் செலவு என்றார்கள். உலர் எடைக்கு ஒப்புக்கொள்கிறோம், ஆனால் 36 ரூபாய்க்குக் கீழே இறங்க முடியாது, அதுவும் பணம் 15 நாளில் வந்தால் மட்டும் என்றார்கள். கூடவே ஒரு வரி: “நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது என்பதைத் தங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரிவிக்கவும்.”

அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. மாதக் கடைசியில் லாட்ஜ் வாசலில் கைகட்டி நின்று, “முதலாளி ஊருக்குப் போயிருக்காரு, அடுத்த வாரம் வாப்பா” என்று அனுப்பப்பட்டவர்களைப் பார்த்தவன் நான். அந்தத் தொழிலில் இருப்பவர் இன்று சட்டத்தைச் சொல்லிக் கேட்கிறார். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும் என்று அதே சட்டம் சொல்கிறது. 36 ரூபாய்க்கு உலர் எடை, 15 நாளில் பணம் என்று முடித்தோம். முதலில் கேட்ட முறையில் மாதம் 1,50,480 ரூபாய் ஆகியிருக்கும். இப்போது 1,29,600. இறங்கிய பணத்தில் பெரும் பங்கு எடை எடுக்கும் இடம் மாறியதால் வந்தது.

எட்டு நாள் கெடு, ஒரு நாள் கெடு

அன்றைக்கு மூட்டை வாரத்துக்கு ஒருமுறை போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பத்து நாளும் ஆகும். அதற்காக யாரும் சண்டைக்குப் போகவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைய சாதாரண லாட்ஜில் ஆள் மாறும்போதெல்லாம் விரிப்பு மாறவில்லை. உதறிப் போட்டார்கள், சில சமயம் திருப்பிப் போட்டார்கள். துண்டு கொடுக்கும் வழக்கமே பல இடங்களில் இல்லை, வருகிறவர் தன் துண்டைத் தானே கொண்டு வந்தார். கெடு நீளமாக இருந்ததற்கு வெளுப்பவரின் மெத்தனம் காரணமே இல்லை. துணியே குறைவாகத்தான் அழுக்கானது.

இன்றைக்கு ஆள் மாறினால் அறையில் உள்ள துணி அத்தனையும் மாறியாக வேண்டும். எனவே கெடுவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை இருக்கிறது. ஓட்டல் ஆட்கள் இதைப் ‘பார்’ கணக்கில் பேசுவார்கள். எல்லா அறைகளையும் ஒருமுறை முழுதாக நிரப்பத் தேவையான துணி ஒரு பார். அறையில் ஒன்று, அலமாரியில் ஒன்று, சலவையில் ஒன்று என்று மூன்று பார் இருந்தால், 24 மணி நேரத்தில் துணி திரும்புகிற வரை ஓட்டல் தட்டில்லாமல் ஓடும். 48 மணி நேரம் என்றால் சலவையில் எப்போதும் இரண்டு நாள் துணி கிடக்கும், நான்காவது பார் வாங்கியாக வேண்டும்.

நம் ஓட்டலில் ஓர் அறைத் துணியின் விலை 2,900 ரூபாய். நாற்பது அறைக்கு இன்னொரு பார் வாங்க 1,16,000 ரூபாய். சலவை நிறுவனம் முதல் மின்னஞ்சலில் போகிற போக்கில் எழுதிய ‘48 மணி நேரம்’ அவ்வளவு செலவை ஓட்டல் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. அதைக் கணக்காகவே எழுதி அனுப்பினோம். “24 மணி நேரம் வேண்டும். இல்லையென்றால் நாங்கள் வாங்க வேண்டிய கூடுதல் துணியின் விலையைக் கட்டணத்தில் ஈடு செய்ய வேண்டும்.”

24 மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கேட்ட திருத்தம் ஒன்று எங்களுக்கே பாடமாக இருந்தது. மதுரையில் பல ஓட்டல்கள் 24 மணி நேரக் கணக்கில் அறை தருகின்றன. ஒருவர் காலை ஆறு மணிக்குக் காலி செய்வார், இன்னொருவர் இரவு ஒன்பதுக்கு. அழுக்குத் துணி நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கும். “எந்த நேரத்தில் கொடுத்தாலும் அதிலிருந்து 24 மணி நேரம் என்றால் எங்கள் வண்டி உங்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். காலை 11 மணிக்கு ஒரே முறை எடுக்கிறோம். மறுநாள் காலை 10 மணிக்குள் தருகிறோம். 11 மணிக்குப் பிறகு சேர்வது அடுத்த நாள் கணக்கு.” இது சரியான திருத்தம். 24 மணி நேரம் என்று மட்டும் எழுதி விட்டிருந்தால், எந்த நேரத்திலிருந்து என்பதில் தினமும் சண்டை வந்திருக்கும்.

பண்டிகைக் காலத்தையும் எழுதிவைத்தோம். சித்திரைத் திருவிழாவிலும், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வந்து போகும் நாட்களிலும் 40 அறையும் நிரம்பும். துணி 160 கிலோவுக்கு ஏறும். ஊரில் உள்ள எல்லா ஓட்டல்களுக்கும் அதே நாளில் ஏறும். பத்து நாள் முன்னதாக நாங்கள் தகவல் சொல்வது, அந்த நாட்களில் அவர்கள் இரண்டு முறை வண்டி அனுப்புவது என்று முடிவானது.

மஞ்சள் கறையும் கிழிசலும்

மதுரை ஓட்டல் துணியில் படும் கறைகள் நம்மூர்க் கறைகள். விபூதி, சந்தனம் சுலபமாகப் போகும். தலை எண்ணெய்க்குச் சூடான தண்ணீர் வேண்டும். கல்யாணக் கூட்டம் தங்கிப் போனால் மஞ்சள், குங்குமம், மருதாணி மூன்றும் இருக்கும்.

மஞ்சளைப் பொறுத்தவரை பழைய முறைக்கு ஒரு பலம் இருந்தது. சோப்பும் சோடாவும் பட்டால் மஞ்சள் சிவக்கும், போகாது. வெயில் பட்டால் அதன் நிறம் சிதைந்து வெளிறிவிடும். ஆற்று மணலில் நாள் முழுக்க விரித்துக் காயப்போட்ட விரிப்பில் மஞ்சள் கறை தானாக மங்கியது அப்படித்தான். இன்றைய ஆலையில் துணி உலர்த்தும் மெஷினிலிருந்து நேரே சூடான உருளை இஸ்திரிக்குப் போகிறது. வெயிலைப் பார்ப்பதே இல்லை. கறை நின்றுவிட, ஓட்டல் திட்ட, ஆலை மீண்டும் மீண்டும் பிளீச்சிங் போட, துணி செத்துப்போகிறது.

அதனால் கறைக்கு ஒப்பந்தத்தில் தனி வரி. ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவர் கறைத் துணியை அங்கேயே பிரித்து வேறு நிறப் பையில் போட வேண்டும். ஆலை ஒருமுறை இலவசமாக மறுசலவை செய்ய வேண்டும். அப்போதும் போகவில்லை என்றால் தனியாகக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும், மூன்றாவது தடவை பிளீச்சிங் போடக் கூடாது. அந்தக் கறைக்கு விருந்தாளியிடம் காசு வாங்குவதோ விடுவதோ ஓட்டலின் பாடு.

கிழிசல்தான் கடினம். அன்றைக்கு ஒரு விரிப்பு கிழிந்து வந்தால் விசாரணையே கிடையாது. அது எத்தனை வருஷம் உழைத்த விரிப்பு என்று யாரும் கேட்கவில்லை. “கல்லுல அடிச்சுக் கிழிச்சுட்டான்” என்று ஒரு வார்த்தை, கூலியில் ஒரு வெட்டு. அவர் “ஐயா, இது கொண்டு போறப்பவே நைஞ்சுதேன் இருந்துச்சு” என்பார். நைந்திருந்தது உண்மை என்று கணக்கு எழுதிய எங்களுக்கும் தெரியும். ஆனாலும் வெட்டு விழும்.

இன்றைக்கு இதைத் தீர்க்க ஒரு சின்ன ஏற்பாடு போதும். புது விரிப்பைப் புழக்கத்தில் விடும் அன்றே அதன் ஓரத் தையலில் மாதமும் வருஷமும் அழியாத மையில் எழுதிவிட வேண்டும். மூன்று பார் துணியில் நாளைக்கு முக்கால் பார் சலவைக்குப் போகிறது என்றால், ஒவ்வொரு விரிப்பும் நான்கு நாளுக்கு ஒருமுறை சலவை பார்க்கிறது. வருஷத்துக்குத் தொண்ணூறு சலவை சொச்சம். பருத்தி விரிப்புக்கு 120 சலவை ஆயுள் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். விரிப்பின் விலை 700 ரூபாய். நாற்பது சலவை கண்ட விரிப்பை ஆலை கெடுத்தால் மீதி 80 சலவைக்கான 467 ரூபாயை அது தர வேண்டும். 120 தாண்டிய விரிப்பு கிழிந்தால் ஒன்றும் இல்லை. முதல் மின்னஞ்சலில் இருந்த ‘கட்டணத்தின் பத்து மடங்கு’ ஏன் சரிப்படாது என்பதும் இதில் தெரிந்துவிடும். ஒரு விரிப்பின் சலவைக் கட்டணம் 36 ரூபாய், பத்து மடங்கு 360. நேற்று வாங்கிய விரிப்புக்கு அது குறைவு, இரண்டு வருஷப் பழையதற்கு அது அநியாயம்.

நான்காம் மாதம் இதற்குச் சோதனை வந்தது. 22 விரிப்புகள் கிழிந்தன என்று ஓட்டல் படத்தோடு எழுதியது. நான் நேரில் போய்ப் பார்த்தேன். பதின்மூன்று விரிப்புகளில் கிழிசல் நடுவில், உடம்பு படும் இடத்தில். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் சல்லடையாகத் தெரிந்தது. ஓரத்து மை இருபது மாதம் முந்தைய தேதி. ஆயுள் முடிந்த துணி, அதற்கு யாரும் பொறுப்பில்லை. மீதி ஒன்பது விரிப்புகள் ஐந்து மாதமே ஆனவை. அவை நைந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் எந்த மூலையைப் பிடித்து இழுத்தாலும் காகிதம் போலப் பிரிந்தன. பிளீச்சிங் அதிகமாகிச் சரியாக அலசப்படாத பருத்தி அப்படித்தான் போகும். ஆலைக்குப் படத்தோடு எழுதினோம். அவர்கள் தங்கள் பதிவைப் பார்த்து, ஒரு நாள் மருந்து ஊற்றும் குழாய் அளவு தவறியதாக ஒப்புக்கொண்டு, ஒன்பதுக்கும் மீதி ஆயுளுக்கான பணத்தைப் பில்லில் கழித்தார்கள். 22-க்கும் பணம் கேட்ட ஓட்டல் ஒன்பதுக்குப் பெற்றது. அதுதான் நியாயமான எண்ணிக்கை.

காணாமல் போன துண்டுகள்

அன்றைக்கு எண்ணிக்கை லாட்ஜின் கொல்லையில் நடக்கும். மூட்டையை அவிழ்த்து அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு உரக்க எண்ணுவார், நான் நோட்டில் எழுதுவேன். எந்தத் துணி எந்த லாட்ஜுடையது என்று அடையாளம் வைப்பது அவர் வேலை. சேங்கொட்டையின் கறுப்புச் சாறால் மூலையில் ஒரு குறி போட்டு, மேலே சுண்ணாம்பு தடவுவார். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அது அழியாது. கையில் பட்டால் புண்ணாக்கும் சாறு அது, அதையும் அவர் குடும்பம்தான் பொறுத்துக்கொண்டது.

நோட்டு லாட்ஜில் இருக்கும். அவரிடம் இருந்தது மனக்கணக்கு, இல்லையென்றால் வீட்டுச் சுவரில் கரிக்கோடு. “போட்டது நாற்பத்திரெண்டு, வந்தது நாற்பதுதேன்” என்று லாட்ஜ் சொன்னால் அவரிடம் எதிர்த்துக் காட்ட ஒரு தாளும் கிடையாது. தங்கிப் போனவர் பையில் போட்டுக்கொண்டு போன விரிப்பும், வேலைக்காரப் பையன் தரை துடைக்க எடுத்த உறையும் சேர்ந்து அவர் கணக்கிலேயே விழுந்தன. சாதியால் கீழே நிறுத்தப்பட்டிருந்த ஒருவருடைய வார்த்தைக்கும் லாட்ஜ் நோட்டுக்கும் இடையே எது நிற்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நானும் அந்த நோட்டின் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஏமாற்றினார் என்று ஒருநாளும் எங்களில் யாரும் உண்மையில் நம்பியதில்லை.

இன்றைய மின்னஞ்சலில் இதே சண்டை திசை மாறி வந்தது. ஆலையின் வரைவு ஒப்பந்தத்தில் “எங்கள் ஆலையில் எடுக்கப்படும் எண்ணிக்கையே இறுதியானது” என்று ஒரு வரி. அன்றைக்கு லாட்ஜ் நோட்டு இறுதி, இன்றைக்கு ஆலையின் கணினி இறுதி. இரண்டும் ஒரே தவறு. எண்ணும்போது இரண்டு பேர் இல்லையென்றால் அது எண்ணிக்கையே ஆகாது. “துணி கை மாறும் இடத்தில், ஓட்டல் வாசலில், இரு தரப்பும் சேர்ந்து எண்ணி, வகைவாரியாகச் சலான் எழுதி, இரண்டு கையெழுத்து, இரண்டு பிரதி” என்று மாற்றச் சொன்னோம். ஓட்டுநர் அரை மணி நேரம் கூட நிற்க வேண்டும் என்று தயங்கினார்கள். துணியைப் பத்துப் பத்தாகக் கட்டி வைக்கிறோம், கட்டை எண்ணினால் போதும் என்றதும் சம்மதித்தார்கள்.

முதல் மாதக் கடைசியில் ஓட்டலில் இருப்பு எடுத்தோம். குளியல் துண்டு 240 இருக்க வேண்டும், 221 இருந்தது. பத்தொன்பது குறைவு. மேலாளர் உடனே எழுதி வைத்திருந்த மின்னஞ்சல்: “19 துண்டு, ஒன்று 350 ரூபாய், மொத்தம் 6,650 ரூபாய் பில்லில் கழிக்கப்படும்.” அனுப்புமுன் சலான்களைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். மாதம் முழுக்கப் போனது 1,800, வந்தது 1,794. ஆலையில் நின்றது ஆறு மட்டும். மீதி 13 துண்டுகள் ஓட்டலை விட்டுச் சலவைக்குப் போகவே இல்லை.

ஆறுக்கு மட்டும் எழுதினோம். ஒப்பந்தப்படி தேட ஏழு நாள் அவகாசம். அவர்கள் தேடி, வேறொரு ஓட்டலின் கட்டில் கலந்திருந்த இரண்டைக் கொண்டு வந்து தந்தார்கள், நான்குக்கு மீதி ஆயுளுக்கான பணம் கழித்தார்கள். 13-ல் ஐந்து துண்டு மாடிப்படி துடைக்கும் வாளிகளில் கிடைத்தது. எட்டு துண்டு விருந்தாளிகளோடு போயிருக்க வேண்டும். அறை காலி செய்யும்போது துண்டை எண்ணும் வழக்கத்தை ஓட்டல் அதற்குப் பிறகே தொடங்கியது. நோட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்த காலத்தில் இந்தப் பத்தொன்பதும் முழுசாக ஒரு சலவைக்காரர் வீட்டு அரிசியில் குறைந்திருக்கும்.

மின்னஞ்சல் எட்டாத இடம்

இவ்வளவு சொன்னாலும் அன்றைக்கு ஆற்றில் நின்ற குடும்பங்களுக்கு இந்த நியாயம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் மெஷின் வாங்க முடிந்தவர்களுக்குப் போயின. பண்டிகை நெருக்கடியில் ஆலைகள் தங்களால் முடியாத துணியை உருப்படிக் கணக்கில் சிறு சலவைக்காரர்களிடம் தள்ளுகின்றன. அங்கே சலான் இல்லை, கையெழுத்து இல்லை, ஆயுள் கணக்கும் இல்லை. தொலைந்தது எல்லாம் பழையபடி அவர் தலையில்.

இதைச் சரி செய்ய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். ஆலை துணியை வெளியே கொடுத்தால் ஓட்டலுக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும், அப்படி வாங்குகிறவருக்கும் அதே சலான் முறை பொருந்தும் என்று நான் இப்போது எழுதச் சொல்கிறேன். சில ஆலைகள் ஏற்கின்றன, சில மறுக்கின்றன. மறுக்கும் இடத்தில் நான் விலையில் விட்டுக்கொடுத்துக்கூடக் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 22 செப்டம்பர் 2025 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமானது, உள்ளீட்டு வரிக் கழிவு போய்விட்டது. சலவை பில்லில் வரும் வரியை இத்தகைய ஓட்டல்கள் இனி திரும்பப் பெற முடியாது, அது முழுச் செலவு. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை, அவர் பில்லில் வரி இராது. மேலே சொன்ன ஓட்டலின் சலவை ஒரு வருஷத்துக்குப் பதினைந்தரை லட்சம் ரூபாய்தான். ஒரு சிறு குடும்பம் இரண்டு மெஷின் போட்டு, ஒரு ஓட்டலை மட்டும் எடுத்தால் இந்த வரம்புக்குள் நிற்க முடியும், விலையிலும் ஆலையோடு போட்டி போட முடியும்.

அவர்களுக்கு மின்னஞ்சல் எழுத வராது என்று ஓட்டல்காரர்கள் சொல்வதுண்டு. வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதட்டும், அதுவும் எழுத்துதான். எடை எங்கே எடுப்பது, எந்த மணியிலிருந்து கெடு, கிழிந்தால் எந்தக் கணக்கு, எண்ணும்போது யார் யார் நிற்பது என்ற நான்கையும் எழுதிக் கேட்டால் போதும். ஓட்டல் பக்கம் உட்கார்ந்து பேரம் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலையில் இரண்டு ரூபாய் இறக்குவதற்கு முன்னால், சலானின் இரண்டாம் பிரதி வெளுக்கிறவர் கைக்குப் போகிறதா என்று பாருங்கள்.